சிட்டையில் நின்ற கழிவும் ஏட்டில் ஏறிய கழிவும்

பண்டத்தரிப்பு என்னும் ஊர்ப்பெயரைப் பண்டம் என்றும் தரிப்பு என்றும் பிரித்துப் பார்த்தால், பண்டங்கள் தங்கிச் சென்ற இடம் என்று பொருள் கொள்ள இடமுண்டு. மாதகலுக்கும் சில்லாலைக்கும் சங்கானைக்கும் போவோர் வருவோர் இன்றும் இவ்வூர்ச் சந்தியிற் சற்றே நின்று, வேண்டியதை வாங்கிக்கொண்டுதான் போகின்றனர். அச்சந்திக்கு அண்மையிற் சிறியதொரு புத்தகக் கடை நடத்தும் அன்பர் ஒருவர், சென்ற ஞாயிறு மாலை தம் மகனையும் அழைத்துக்கொண்டு நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். மகன் உயர்தர வகுப்பிற் கணக்கீடு பயிலும் மாணவன். தந்தையின் கையில் ஒரு சிட்டை. மைந்தன் கையில் ஓர் ஏடு. இருவர் முகத்திலும் சிறிது சினம்.

“மாஸ்டர், இவன் எழுதின கணக்கைப் பாருங்கோ. சாமான் இன்னும் கட்டவிழ்க்கவில்லை. அதற்குள்ளே இருபதினாயிரம் ரூபா இலாபம் வந்துவிட்டதாம்!” என்றார் தந்தை.

“சேர், கழிவு கிடைத்தால் ‘பெற்ற கழிவு’ என்று செலவுப் பக்கத்தில் எழுதவேண்டும் என்றுதானே படித்தோம்?” என்றான் மைந்தன்.

தந்தையின் ஐயம் நியாயமானது. மைந்தன் படித்ததும் பொய்யன்று. ஆயினும் ஒரே சிட்டையில் இரண்டு வகைக் கழிவுகள் இருந்தன. ஒன்றிற்குரிய விதியை மற்றொன்றின்மேல் ஏற்றிவிட்டதே பிழை. பரீட்சை விடைத்தாள்களில் ஆண்டுதோறும் நாம் காணும் பிழையும் இதுவேயாதலின், அன்று அவர்களுக்குச் சொன்னதை இவ்வாரம் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகின்றோம்.

சிட்டையின் செய்தி இதுதான். யாழ்ப்பாண நகரத்து மொத்த வியாபாரி ஒருவர் ஜனவரி 2ஆந் திகதி 500 அப்பியாசக் கொப்பிகளைக் கடனுக்கு அனுப்பியிருந்தார். கொப்பி ஒன்றின் மேல் அச்சிடப்பட்ட விலை 200 ரூபா. எனவே அட்டவணை விலைப்படி மொத்தம் 1,00,000 ரூபா. அதில் நூற்றுக்கு 20 வீதம் வியாபாரக் கழிவாக 20,000 ரூபா குறைத்து, மிகுதி 80,000 ரூபா என்று சிட்டை முடிந்திருந்தது. அதன் அடியில், ‘14 நாட்களுக்குள் செலுத்தினால் 5 வீதம் காசுக் கழிவு, முழுத்தொகைக்குத் தவணை 30 நாட்கள்’ என ஒரு வரி எழுதப்பட்டிருந்தது.

முதலில் வியாபாரக் கழிவு எதற்காகக் கொடுக்கப்படுகின்றது என்று பார்ப்போம். கொப்பியின் மேல் 200 ரூபா என்று அச்சிடப்பட்டிருக்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, குறித்த விலைக்கு மேற் கடைக்காரர் விற்றல் குற்றமாகும். 200 ரூபாவுக்கு வாங்கி 200 ரூபாவுக்கு விற்பவர் எதைக் கொண்டு சீவிப்பார்? ஆகவே மொத்த வியாபாரி அவருக்கு 160 ரூபாவுக்குக் கொடுக்கின்றார். இடையிலுள்ள 40 ரூபாவே கடைக்காரரின் கூலியும் கடை வாடகையும் இலாபமும் ஆகும். பிரித்தானியாவிற் புத்தக வியாபாரம் பன்னெடுங்காலம் இவ்வாறே நடந்தது. 1900ஆம் ஆண்டு தொடக்கம் இருந்த ஓர் உடன்படிக்கையின்படி பதிப்பாளர் குறித்த விலைக்குக் குறைத்து எந்தக் கடையும் விற்றலாகாது. பதிப்பாளர் கொடுத்த வியாபாரக் கழிவே கடைகளின் சீவனம். 1997இல் நீதிமன்றம் அதனைப் பொதுநலனுக்கு ஒவ்வாதது எனத் தீர்த்தது. உடன்படிக்கை ஒழிந்தது, ஆயினும் வியாபாரக் கழிவு ஒழியவில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். வியாபாரக் கழிவு என்பது பணம் எப்போது செலுத்தப்படுகின்றது என்பதைப் பொறுத்ததன்று. இன்று செலுத்தினும், தவணை கடந்து செலுத்தினும், அந்த 20,000 ரூபா கழிக்கப்பட்டதே. அந்த 1,00,000 ரூபா எவரும் எவருக்கும் ஒருபோதும் கொடுக்கவேண்டிய தொகை அன்று. உண்மையான விலையைக் கண்டறிவதற்கு வைத்த ஏணிப்படி போன்றது அது. விலை 80,000 ரூபா எனக் கண்டபின் ஏணியை அகற்றிவிடலாம். ஆகவே வியாபாரக் கழிவு சிட்டையோடு நின்றுவிடும். வாங்குபவர் ஏட்டிலும் ஏறாது. விற்பவர் ஏட்டிலும் ஏறாது.

காசுக் கழிவின் தன்மை வேறு. அது பண்டத்தின் விலையைப் பற்றியதன்று, காலத்தைப் பற்றியது. விற்பவர் 80,000 ரூபா பெறவேண்டியவராகிவிட்டார். அக்கடன் விரைவாகக் கைக்கு வந்தால் நல்லது என்று கருதி, 14 நாளுக்குள் தருபவருக்கு ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கின்றார். ஜனவரி 2இல் அது கிடைக்குமோ கிடையாதோ எவர்க்குந் தெரியாது. பணம் செலுத்தப்படும் அந்த நாளிலேதான் அது பிறக்கின்றது. பிறந்த அன்றைக்கே இருவர் ஏட்டிலும் பதியப்படல் வேண்டும்.

இரண்டையும் கூட்டி 25 வீதம் என்று கணக்கிடுவாரும் உளர். அதுவும் தவறு. 1,00,000 ரூபாவின் 25 வீதம் போக மிகுதி 75,000 ரூபா. ஆனால் காசுக் கழிவு 80,000 ரூபாவின் மீது கணக்கிடப்படுவதால் 4,000 ரூபாவே. செலுத்தவேண்டியது 76,000 ரூபா. ஆயிரம் ரூபாவைக் குறைத்து அனுப்பினால் விற்பவர் ஏற்கமாட்டார்.

இனி மைந்தனின் பதிவினால் விளையும் கேட்டைக் காண்போம். அவன் கொள்வனவு 1,00,000 ரூபா என்றும், பெற்ற கழிவு 20,000 ரூபா என்றும் எழுதியிருந்தான். அன்றே கொப்பிகளைப் பிரித்து எண்ணியபோது 50 கொப்பிகள் நனைந்து பழுதாயிருந்தமையால் அவை திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. எஞ்சியவை 450. மார்ச் 31ஆந் திகதி கணக்கு முடிக்கும்போது 300 கொப்பிகள் விற்று, 150 கொப்பிகள் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம்.

உண்மையான கணக்கில் ஒரு கொப்பிக்கு 40 ரூபா இலாபம். விற்றவை 300, ஆகவே மொத்த இலாபம் 12,000 ரூபா. மைந்தனின் கணக்கிலோ 200 ரூபாவுக்கு வாங்கி 200 ரூபாவுக்கு விற்றதாக இருப்பதால், வியாபாரக் கணக்கில் இலாபம் ஒரு சதமும் இல்லை. அதற்குப் பதிலாக 450 கொப்பிகளின் கழிவாகிய 18,000 ரூபா வேறு வருமானமாக நிற்கும். இறுதி இருப்பு 150 கொப்பிகளும் 24,000 ரூபாவுக்குப் பதில் 30,000 ரூபாவாகக் காட்டப்படும். உண்மைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு 6,000 ரூபா. அது எங்கிருந்து வந்தது? இன்னும் இராக்கையிற் கிடக்கும் 150 கொப்பிகளின் இலாபத்தை விற்குமுன்னரே எழுதிவிட்டதனால் வந்தது. அத்தொகைக்கு வரியுங் கட்டநேரிடலாம்; அதை இலாபமென நம்பிக் கைச்செலவு செய்தால் முதலே கரையும். “சாமான் கட்டவிழ்க்குமுன் இலாபமா?” என்று தந்தை கேட்ட கேள்வி, கணக்கியல் நூல்கள் பல பக்கங்களிற் சொல்லும் விதியின் சாரமே.

இப்பொழுது சரியான பதிவுகளுக்கு வருவோம். நம் நாட்டுப் பாடநூல் வழக்கின்படி இடப்பக்கத்தை வரவு என்றும் வலப்பக்கத்தைச் செலவு என்றும் கொள்க.

ஜனவரி 2இல் கடைக்காரர் தம் கொள்வனவு நாளேட்டில் 80,000 ரூபா என்றே எழுதுவார். கழிவு விவரத்தை உள்நிரலிற் காட்டிக் கழித்துவிடலாம்; பேரேட்டுக்குச் செல்லும் தொகை 80,000 ரூபா மாத்திரமே. அதே நாளில் மொத்த வியாபாரியும் தம் விற்பனை நாளேட்டில் 80,000 ரூபா என எழுதுவார்.

வாங்குபவர் பேரேட்டில்:
கொள்வனவுக் கணக்கு வரவு 80,000
மொத்த வியாபாரி கணக்கு செலவு 80,000

விற்பவர் பேரேட்டில்:
கடைக்காரர் கணக்கு வரவு 80,000
விற்பனைக் கணக்கு செலவு 80,000

அடுத்தது திருப்பிய 50 கொப்பிகள். மாணவர் பலர் வழுக்கி விழும் இடம் இது. 50 கொப்பிகள், ஒன்று 200 ரூபா, ஆகவே 10,000 ரூபா என்று எழுதிவிடுவர். அவற்றை 200 ரூபாவுக்கு வாங்கவில்லையே! 160 ரூபாவுக்கு வாங்கியதை 160 ரூபாவுக்கே திருப்புதல் வேண்டும். ஆகவே 8,000 ரூபா. மொத்த வியாபாரி அத்தொகைக்குச் செலவுத் தாள் ஒன்றை அனுப்புவார். வந்தபோது எந்தக் கழிவோடு வந்ததோ, திரும்பும்போதும் அந்தக் கழிவோடு திரும்பும் என்று நினைவில் வைத்தாற் போதும்.

வாங்குபவர் பேரேட்டில்:
மொத்த வியாபாரி கணக்கு வரவு 8,000
வெளித்திரும்பற் கணக்கு செலவு 8,000

விற்பவர் பேரேட்டில்:
உட்திரும்பற் கணக்கு வரவு 8,000
கடைக்காரர் கணக்கு செலவு 8,000

இப்பொழுது எஞ்சிய கடன் 72,000 ரூபா. ஜனவரி 16ஆந் திகதிக்குள் செலுத்தினால் இதன் 5 வீதமாகிய 3,600 ரூபா விட்டுக்கொடுக்கப்படும். செலுத்தவேண்டியது 68,400 ரூபா. முதலிற் கண்ட 80,000 ரூபாவின் மீது 4,000 ரூபாவைக் கழிப்பவர், திருப்பிய கொப்பிகளுக்கும் கழிவு கேட்பவராவார். அது பொருந்தாது.

வாங்குபவர் பேரேட்டில்:
மொத்த வியாபாரி கணக்கு வரவு 72,000
வங்கிக் கணக்கு செலவு 68,400
பெற்ற கழிவுக் கணக்கு செலவு 3,600

விற்பவர் பேரேட்டில்:
வங்கிக் கணக்கு வரவு 68,400
கொடுத்த கழிவுக் கணக்கு வரவு 3,600
கடைக்காரர் கணக்கு செலவு 72,000

ஒருவருக்கு வருமானமாவது மற்றவருக்குச் செலவினமாவதைக் காண்க. 68,400 ரூபாவைக் கொடுத்து 72,000 ரூபாக் கடன் தீர்ந்துவிட்டது. இடைவெளியை நிரப்புவதற்கு ஒரு கணக்கு இல்லாவிடின் ஏட்டில் 3,600 ரூபாக் கடன் தீராமலே தொங்கும். காசுக் கழிவை எழுதியே ஆகவேண்டும் என்பதற்குரிய காரணம் இதுவே. வியாபாரக் கழிவுக்கு அத்தகைய இடைவெளியே இல்லை. ஏனெனில் கடன் தொடக்கத்திலேயே 80,000 ரூபாவாகத்தான் பிறந்தது.

முந்நிரற் காசேடு வைத்திருப்போர் இந்த 3,600 ரூபாவைக் கழிவு நிரலில் எழுதுவர். காசு நிரலையும் வங்கி நிரலையும் மீதி கட்டுவது போலக் கழிவு நிரலை மீதி கட்டலாகாது. வரவுப் பக்கக் கழிவு நாம் பிறர்க்குக் கொடுத்தது. செலவுப் பக்கக் கழிவு நாம் பிறரிடம் பெற்றது. இரண்டும் வெவ்வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்டி, மாத முடிவில் முதலாவதைக் கொடுத்த கழிவுக் கணக்கின் வரவிலும், இரண்டாவதைப் பெற்ற கழிவுக் கணக்கின் செலவிலும் இடுதல் முறை.

இவ்வளவுங் கேட்ட தந்தை சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, “எழுத்து விளங்கிவிட்டது, மாஸ்டர். ஆனால் கையில் நாற்பதினாயிரந்தான் இருக்கிறது. பதினாறாந் திகதிக்கு முன் மிச்சத்துக்கு எங்கே போவது? மனுசியின் சங்கிலியை அடகு வைக்கத்தான் வேணும். வட்டி கட்டிக் கழிவு வாங்குவது புத்தியா?” என்று கேட்டார். அன்றைய பேச்சில் மிக நல்ல கேள்வி இதுவே.

கணக்கிட்டுப் பார்த்தோம். அவருக்குக் குறைந்த தொகை 28,400 ரூபா. மாதம் நூற்றுக்கு 2 வீத வட்டியில் அடகு வைத்து, ஒரு மாதத்து வட்டியை முழுமையாகவே கொடுத்தாலும் 568 ரூபாதான். கிடைக்குங் கழிவு 3,600 ரூபா. வட்டி போக 3,032 ரூபா மிஞ்சும். மறுபுறமாகவும் இதனைப் பார்க்கலாம். 16ஆந் திகதி 68,400 ரூபா கொடுக்காமல், பெப்ரவரி 1ஆந் திகதி 72,000 ரூபா கொடுப்பவர், 16 நாள் அவகாசத்துக்காக 3,600 ரூபா கொடுக்கின்றார். அது 68,400 ரூபாவுக்கு ஏறத்தாழ 5.26 வீதம், ஆண்டுக்கு என்று பெருக்கினால் நூற்றுக்கு 120 வீதம்! எந்த அடகுக் கடையும் அவ்வளவு கேளாது. காசுக் கழிவை விடுபவர், பெயர் சொல்லாத ஒரு கடுவட்டிக்குக் கடன் வாங்கியவரே ஆவர்.

ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. அடகு வைத்த சங்கிலியை மீட்பதற்குரிய பணம் அடுத்த சில கிழமைகளில் விற்பனையால் வந்துசேரும் என்ற உறுதி வேண்டும். வட்டி மாதக்கணக்கில் ஏறத்தொடங்கினால், ஆறு மாதத்தில் 3,408 ரூபாவாகிக் கழிவைப் பெரும்பாலும் தின்றுவிடும். அவர் கடையிலோ பாடசாலை தொடங்குங் காலம். கொப்பி விற்கும் பருவம். ஆகவே வைக்கலாம் என்றோம்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகளைச் சொன்னோம். காசுக் கழிவு என்பதிலுள்ள ‘காசு’ நாணயத்தையும் தாளையும் மாத்திரங் குறிப்பதன்று, காசோலையும் ஆகும். ஆனால் 14 நாளுக்குள் காசோலையைக் கையிற் கொடுத்து, அதிற் பிந்திய திகதியை இட்டால், பணம் 14 நாளுக்குட் கிடைக்கவில்லை என்று விற்பவர் கழிவை மறுக்கலாம். முன்னரே பேசித் தெளிந்துகொள்ளுதல் நன்று. காசோலை வங்கியில் மறுக்கப்பட்டுத் திரும்பினாலோ, விற்பவர் 68,400 ரூபாவை மட்டும் மீட்டெழுதினாற் போதாது. செலுத்தப்படாத கடனுக்குக் கழிவும் இல்லை. கடைக்காரர் கணக்கில் 72,000 ரூபாவை வரவு வைத்து, வங்கிக் கணக்கில் 68,400 ரூபாவையும் கொடுத்த கழிவுக் கணக்கில் 3,600 ரூபாவையும் செலவு வைப்பார். வாங்குபவர் தம் ஏட்டில் இதற்கு நேர்மாறாக எழுதவேண்டும்.

மற்றையது, தவணை தவறிய பின்னுங் கழிவைக் கழித்துக்கொண்டு பணம் அனுப்புவது. ஜனவரி 22இல் 68,400 ரூபா அனுப்பிவிட்டுத் தம் ஏட்டிற் பெற்ற கழிவு 3,600 ரூபா என எழுதி, கடன் தீர்ந்ததென்று இருப்பாரும் உளர். அவரது ஏட்டில் எல்லாம் சரியாகவே தோன்றும். பரீட்சை மீதியும் சமன்படும். பிழையைக் காட்டுவது விற்பவர் மாத முடிவில் அனுப்பும் கணக்குக் கூற்று ஒன்றே. அதில் 3,600 ரூபா மீதி நிற்கக் கண்டால், பெற்ற கழிவுக் கணக்கை வரவும், மொத்த வியாபாரி கணக்கைச் செலவும் வைத்து அப்பதிவை நீக்கி, மிகுதியைச் செலுத்திவிடல் வேண்டும். ஆகையால் அக்கூற்றைப் பார்க்காமல் இலாச்சியில் இடுவோர், தம் பிழையையும் அதனுடனேயே பூட்டிவைக்கின்றனர்.

மேல்வகுப்பு மாணவர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். நாம் இங்குக் காட்டியது பாடசாலையிலும் சிறு கடைகளிலும் வழங்கும் முறை. கணக்கீட்டு நியமங்களைப் பின்பற்றும் பெரிய கம்பனிகளில், இருப்புகள் பற்றிய இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 வியாபாரக் கழிவைக் கொள்வனவுக் கிரயத்திற் குறைக்கும்படி கூறுகின்றது. காசுக் கழிவையும் அவ்வாறே கிரயத்திற் குறைத்தல் வேண்டும் என்பதே அந்நியமத்துக்குச் சருவதேச அளவிற் கொள்ளப்படும் விளக்கம். விற்பவர் பக்கத்தில், 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமானம் பற்றிய நியமம், வாங்குபவர் காசுக் கழிவைப் பெறக்கூடும் என்பதை விற்பனை நாளிலேயே மதிப்பிடச் சொல்கின்றது. பரீட்சையில் எந்த முறையைக் கேட்கின்றனர் என்பதை வினாவில் நோக்கி எழுதுக. எம்முறையாயினும், வியாபாரக் கழிவைத் தனிக் கணக்காக எழுதுவதற்கு மாத்திரம் இடமே இல்லை.

மைந்தன் தன் ஏட்டைத் திறந்து, பிழையான பதிவைச் சுரண்டி அழிக்க முற்பட்டான். தடுத்தோம். அழித்த ஏடு ஐயத்துக்கு இடமாகும். ஒரு கோடு கீறி, திகதியிட்டு, அருகே சரியானதை எழுதும்படி சொன்னோம். பெற்ற கழிவு 20,000 ரூபா போயிற்று. கொள்வனவு 80,000 ரூபாவாயிற்று. பெற்ற கழிவுக் கணக்கின் தலைப்பை மட்டும் அழியாது விட்டு, அதன் கீழ் ஒன்றும் எழுதாமல் வைத்தான்.

“ஏன் தம்பி, அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டாய்?” என்று கேட்டோம்.

“பதினாறாந் திகதிக்கு, சேர்,” என்றான் அவன். தந்தை நம்மைப் பார்த்து நகைத்தார். அவர் கையிலிருந்த சிட்டை நான்காக மடிக்கப்பட்டுச் சட்டைப் பையிற் போயிற்று.